ஒட்டுப்போட்ட இடம் கேட்கிறது

அன்புள்ள ஐயா,

ஒரு குறும்படம் எடுத்திருக்கிறேன். கும்பகோணத்தில் பழைய வீட்டுக் கூடம், அப்பாவும் மகளும் பேசும் காட்சி, ஒரு நிமிடம் நாற்பது விநாடி. பேச்சுக்கு நடுவே வெறுமையாக இருக்கிறது என்று நண்பர்கள் சொன்னார்கள். இடைவெளிகளில் இருந்த இரைச்சலை எல்லாம் வெட்டி எடுத்துவிட்டு காகம், கடிகாரம், குக்கர் விசில் என்று சேர்த்தேன். இசையும் போட்டேன். அப்படியும் வெட்டி வெட்டிக் கேட்கிறது. நல்ல சவுண்ட் எஃபெக்ட்ஸ் இலவசமாக எங்கே கிடைக்கும்? எத்தனை லேயர் வைக்க வேண்டும்? படத்தின் இணைப்பையும் வசன டிராக்கையும் அனுப்பியிருக்கிறேன்.

மதிவாணன்

அன்புள்ள மதிவாணன்,

இசையை நிறுத்திவிட்டு, ஹெட்ஃபோனில் வசன டிராக்கை மட்டும் கேட்டேன். அப்பாவாக நடித்தவர் பிரமாதம். மகள் பதில் சொல்லாமல் தட்டைத் துடைத்துக்கொண்டே நிற்கிறாளே, அந்த மூன்று விநாடிதான் உங்கள் படம். அங்கே கொண்டுபோய்க் குக்கர் விசிலை வைத்திருக்கிறீர்கள். அவள் சொல்லாமல் விட்டதற்குக் குக்கர் பதில் சொல்கிறது. முதலில் அதை எடுங்கள்.

இலவச ஒலிகளுக்கு Freesound தளம் போதும். ஒவ்வொரு கோப்பின் உரிமத்தையும் பாருங்கள்: CC0 என்றால் தாராளமாக எடுக்கலாம், NonCommercial என்று இருந்தால் காசு வரும் இடத்தில் போடக்கூடாது. எத்தனை லேயர் என்பதற்குக் கணக்கு கிடையாது. இதற்கு மேல் இதைப் பேச வேண்டாம், உங்கள் நோய் வேறு இடத்தில் இருக்கிறது.

இரைச்சலை வெட்டி எடுத்தேன் என்கிறீர்கள். அதுதான் நோய். மைக் குரலை மட்டும் தனியாக எடுப்பதில்லை. மின்விசிறி, சமையலறை ஃபிரிட்ஜ், தெரு எல்லாம் குரலோடு ஒட்டிக்கொண்டு வரும். அப்பா பேசும்போது அவையும் ஓடுகின்றன. பேச்சு நின்றதும் நீங்கள் வெட்டியதால் சுத்த பூஜ்யம். அடுத்த வசனம் வந்ததும் ஃபிரிட்ஜும் கூடவே வருகிறது. ஒரே சீராக ஓடும் இரைச்சலைக் காது கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும். அது வருவதையும் போவதையும் ஒருநாளும் மறக்காது. உங்கள் நண்பர்கள் வெறுமை என்று சொன்னது இந்தப் பள்ளத்தை. காகத்தை அதன்மேல் வைத்தால், பூஜ்யத்தில் ஒரு காகம் கத்திவிட்டு மறுபடி பூஜ்யம். பள்ளம் இன்னும் ஆழமாகத் தெரியும்.

இதை மூடுவது ரூம் டோன். ஷூட்டிங் முடிந்து கிளம்பும் முன் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை யாரும் அசையாமல் நிற்க, அதே மைக்கை அதே இடத்தில், அதே கெயினில் வைத்து அந்த அறையைப் பதிவு செய்ய வேண்டும். விளக்குகள் எரிய வேண்டும். ஆட்களும் உள்ளேயே இருக்க வேண்டும், ஏனென்றால் உடம்பும் துணியும் ஒலியை உறிஞ்சும். எல்லோரும் வெளியே போனால் அறையின் முழக்கமே மாறிவிடும். கோணம் மாறி மைக் இடம் மாறினால் டோனும் மாறும், ஆகவே ஒவ்வொரு கோணத்துக்கும் தனியாக எடுக்க வேண்டும். இதற்கு அரை நிமிடம் கொடுக்க உங்கள் செட்டில் யாருக்கும் பொறுமை இருக்கவில்லை, இல்லையா? செட்டில் எடுப்பது வெறும் பைலட் டிராக், எல்லாவற்றையும் டப்பிங்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று வெகுகாலம் வேலை செய்த பழக்கம் இது. நீங்கள் டப்பிங் செய்யவில்லை. செட்டில் எடுத்த குரலையே வைக்கிறீர்கள். அப்படியென்றால் அந்த அறையையும் எடுத்து வந்திருக்க வேண்டும்.

ஃபிரிட்ஜை அணைத்திருந்தாலே பாதி வேலை மிச்சம். திரும்பப் போட மறந்துவிடுவோம் என்ற பயம் இருந்தால் வண்டிச் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள், சவுண்ட் ஆட்கள் செய்வது அதைத்தான். சாவியை எடுக்காமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

சரி, இப்போது என்ன செய்வது? வெட்டாத மூல டேக்குகளுக்குத் திரும்பிப் போங்கள். ‘ஆக்‌ஷன்’ என்ற குரலுக்கும் முதல் வசனத்துக்கும் நடுவே இரண்டு மூன்று விநாடி இருக்கும். கடைசி வசனத்துக்கும் ‘கட்’டுக்கும் நடுவேயும் இருக்கும். மூச்சு, துணிச் சரசரப்பு இல்லாத துண்டுகளைப் பொறுக்குங்கள். அப்பா கோணத்துக்கு ஒரு கட்டு, மகள் கோணத்துக்கு ஒரு கட்டு. துண்டு பொறுக்கும்போது இரண்டையும் கலக்காதீர்கள். இணையத்திலிருந்து எடுத்த ரூம் டோன் இங்கே ஒட்டாது. அமெரிக்காவில் பதிவானது என்றால் அதில் இருக்கும் மின்சார ரீங்காரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. அடியில் இரண்டு சுருதி ஓடும்.

நான்கு விநாடித் துண்டு ஒன்றை நகல் நகலாக அடுக்கினால் நான்கு விநாடிக்கு ஒருமுறை ஒரு துடிப்பு கேட்கத் தொடங்கும். சிறு துண்டுகளை இணைத்து ஒரு 7 விநாடிக் கட்டும், வேறு துண்டுகளில் ஒரு 11 விநாடிக் கட்டும் செய்து, இரண்டு டிராக்கில் சேர்த்து ஓடவிடுங்கள். அந்த ஜோடி திரும்ப ஒன்றுசேர 77 விநாடி ஆகும். இரண்டு சேரும்போது மட்டம் 3 டெசிபெல் ஏறும் என்பதால் ஒவ்வொன்றையும் 3 குறையுங்கள். துண்டுகளை ஒட்டும் கிராஸ்ஃபேடில் பிரீமியரில் Constant Power, ரிசால்வில் Cross Fade +3 dB. இரைச்சலை Constant Gain-இல் ஒட்டினால் நடுவில் 3 டெசிபெல் குழி விழும்.

இனி மட்டம். மீட்டரில் பார்த்தேன்: அப்பா கோணத்தில் இரைச்சல் -48, மகள் கோணத்தில் -56. எட்டு டெசிபெல் வித்தியாசம், ஷாட் மாறும்போதெல்லாம் கதவைத் திறந்து மூடுவதுபோல. இரைச்சல் நீக்கியைக் கொண்டு அப்பாவை மகள் அளவுக்கு இறக்கலாம் என்று தோன்றும். அந்தப் பதிவில் ஐந்தாறு டெசிபெலைத் தாண்டினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல ஆகிவிடும். சுத்தமானதை அழுக்கானதன் உயரத்துக்கு ஏற்றுவதுதான் வழி. மகள் பேசும் ஷாட்களுக்கு அடியில் அப்பா கோணத்து டோனை -49-இல் ஓடவிட்டால், அவள் பக்கத்து -56-ம் சேர்ந்து ஏறத்தாழ -48 வந்துவிடும். அப்பா பேசும்போது அடியில் டோன் கூடாது, அவர் குரலோடு ஏற்கெனவே அது இருக்கிறது. அவர் இடைவெளிகளில் மட்டும் -48-இல் நிரப்புங்கள். எல்லாம் வசனத்தைப் போலவே மோனோவில், நடுவில் இருக்கட்டும். டோனை ஸ்டீரியோவில் போட்டால் குரல் வரும்போதெல்லாம் அறை சுருங்கும், நிற்கும்போதெல்லாம் விரியும்.

இதோடு நிறுத்திவிட்டால் இன்னும் ஒட்டுத் தெரியும். இதைத்தான் யாரிடம் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை, அதனால் நிதானமாகச் சொல்கிறேன். நிரப்பிய டோன் எங்கே முடிந்து எங்கே குரலோடு வந்த இரைச்சல் தொடங்குகிறது? எல்லோரும் அந்த மாற்றத்தை அமைதியான இடத்தில் செய்கிறார்கள், அங்கே கை வைப்பது எளிது என்பதால். காதுக்கு அதுதான் மிக நன்றாகக் கேட்கும் இடம். மாற்றத்தைப் பேச்சுக்கு அடியில் ஒளித்துவைக்க வேண்டும். உரத்த ஒலி ஒன்று ஓடும்போது அதன் அடியில் நடக்கும் சின்ன மாற்றம் காதில் விழாது. ஒலி நின்ற பிறகும் விநாடியில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு நேரம் காது மங்கியே இருக்கும். ஒலி தொடங்கும் முன் அந்தச் சலுகை ஏறக்குறைய இல்லை. ஆகவே ஒரு சொல்லின் முன்னால் கண்டிப்பாகவும், பின்னால் சற்றுத் தாராளமாகவும் இருங்கள்.

உங்கள் காட்சியில் அப்பா ‘கதவைச் சாத்து’ என்கிறார். க வெடித்துக் கிளம்பும் எழுத்து. அந்த வெடிப்பு தொடங்கும் இடத்திலேயே, அலைவடிவத்தில் பார்த்து, கத்தியால் வெட்டியதுபோல மாற்றிவிடலாம், யாருக்கும் தெரியாது. மகளின் ‘அம்மா சொன்னாங்க’ அப்படியல்ல. அ மெல்ல ஏறும் உயிர். டோனை அதன் தொடக்கத்தைத் தாண்டி இரண்டு மூன்று ஃபிரேம், அதாவது 100 மில்லிவிநாடி அளவு நீட்டி, குரல் உயர்ந்த இடத்தில் கரையவிடுங்கள். ‘சொல்லுப்பா’ இருப்பதிலேயே வம்பானது. ச காற்றொலி, இரைச்சலுக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதன்மேல் ஃபேட் இன் போட்டால் சொல்லின் தலை தேய்ந்து ‘ஒல்லுப்பா’ என்று கேட்கும். முழுச் சகரத்தையும் விட்டுவிட்டு ஒகரத்துக்கு அடியில் மாற்றுங்கள். சொல்லின் முடிவில் உதடு மூடிய இடத்தில் வெட்டாதீர்கள். பழைய கூடத்தில் குரலுக்கு ஒரு வால் உண்டு. கால் விநாடி அதைப் போகவிட்டு, அது அடங்கும்போதே டோனைக் கரைத்து உள்ளே கொண்டுவாருங்கள்.

தரை சமமான பிறகு உங்கள் காகத்தை வைக்கலாம். ஒன்று போதும். இடைவெளிதோறும் ஒரு ஒலி வைத்தால் ஊரே காத்திருந்து முறை வைத்துப் பேசுவதுபோல ஆகிவிடும். காகத்தை அப்பாவின் வாக்கியத்துக்கு நடுவிலேயே தொடங்கி, அவர் நிறுத்திய பிறகும் ஒரு கரைதல் மிஞ்சும்படி விடுங்கள். அப்போது அது ஜன்னலுக்கு வெளியே முன்பிருந்தே இருந்த காகம். அதன் ஒலியில் 4 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பதைக் குறைத்துவிட்டால் காகம் தள்ளிப் போய்விடும். வெளிநாட்டுப் பறவை ஒலி ஒன்று 52-ஆம் விநாடியில் இருக்கிறது, கும்பகோணத்தில் அதற்கு வேலை இல்லை. கடிகாரம் படத்தில் தெரியவே இல்லை, எடுத்துவிடுங்கள். மின்விசிறி தெரிகிறது, அதற்குத்தான் நீங்கள் எதுவும் வைக்கவில்லை. அதன் ஆழ்ந்த உறுமல் போன் ஸ்பீக்கரில் வராது. இறக்கை காற்றை வெட்டும் அந்த ‘ஸ்ஸ்’ நடு அலைவரிசையில் கொஞ்சம் இருந்தால்தான் போனில் பார்ப்பவருக்கு விசிறி சுற்றும்.

முடித்ததும் இசையை நிறுத்தி, ஒலியை வழக்கத்தைவிட 10 டெசிபெல் ஏற்றி, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ஷாட் மாறும் இடத்தை உங்களால் விரல் சொடுக்கிக் காட்ட முடிந்தால் அங்கே ஒட்டு இன்னும் பேச்சுக்கு வெளியே நிற்கிறது. அந்தத் தட்டுத் துடைக்கும் மூன்று விநாடியில் டோனும் விசிறியும் துணி உரசலும் தவிர எதுவும் வேண்டாம். துணி உரசல் டேக்கில் சரியாக விழவில்லை; அதே தட்டை, அதே ஈரத்துணியால் துடைத்து, மைக்கை ஒரு முழம் தள்ளி வைத்து எடுத்து அனுப்புங்கள்.