இளையோர் குறும்படப் போட்டியில் மூணு நிமிஷம் பேசணும். கரு, பார்வையாளர், குழு, நிதி வந்தால் என்ன மாறும் என்று நாலும் கேட்கிறார்கள். எப்படித் தயாராவது?

நிதிப் பகுதியை முதலில் எழுதுங்கள். பேசும்போது அது கடைசியில்தான் வரும். ஆனால் அது உறுதியான பிறகுதான் மற்ற மூன்றிலும் எதைச் சொல்வது, எதை விடுவது என்று தெரியும். எங்களுக்கு இது இரண்டாவது தடவையில்தான் புரிந்தது.

சோமனூர்ப் பக்கம் ஒரு விசைத்தறிக் குடோனில் எடுக்க நினைத்த படம் அது. முப்பது வருஷம் தறி ஓட்டிக் காது மந்தமாகிவிட்ட ஒருவர், தறி சரியாக ஓடுகிறதா என்பதைச் சட்டத்தின் மேல் கை வைத்து, அதன் அதிர்விலேயே சொல்லிவிடுவார். வீட்டில் மகள் பேசுவதுதான் அவருக்குக் கேட்காது. முதல் வருஷம் இந்தக் கதையை நன்றாகத்தான் சொன்னோம். கடைசியில், "பணம் கிடைத்தால் நல்ல கேமரா எடுப்போம், தரம் கூடும்" என்று முடித்தோம். நடுவர் ஒருவர் கேட்டார்: "ஏந்தம்பி, இதையே போன்ல எடுத்தா படத்துல என்ன குறையும்?" எங்களிடம் பதில் இல்லை.

அடுத்த வருஷம் பேச்சை எழுதுவதற்கு முன்னால் போனை எடுத்துக்கொண்டு அதே குடோனுக்குப் போய் ஒரு காட்சியை எடுத்துப் பார்த்தோம். படம் தெளிவாக இருந்தது. ஒலிதான் போயிற்று. எட்டுத் தறியும் ஓடும்போது நாடா அடிக்கிற சத்தத்தில் போனின் மைக் நிரம்பி, இரைச்சலாக உடைந்தது. எடிட்டிங்கில் பார்த்தால் ஒலி அலையின் உச்சிகள் வெட்டிவிட்ட மாதிரி தட்டையாக இருந்தன. அப்படி வெட்டுப்பட்டதைப் பிறகு முழுசாகச் சரிசெய்ய முடியாது. காது கேட்காத ஒருவரைப் பற்றிய படத்தில் பேச்சும் தறிச் சத்தமும் தனித்தனியாக நம் கையில் இருக்க வேண்டும். அதற்கு ஒலிப்பதிவாளர் ஒருவர் வேண்டும். பேசும் காட்சிகளுக்குத் தறிகளை நிறுத்தவும் வேண்டும். கூலிக்கு ஓடுகிற தறி நின்றால் கூலி இல்லை. உரிமையாளர் அண்ணனிடம் கேட்டோம். எட்டுத் தறிக்கும் சேர்த்து ஒரு ராத்திரிக்கு 2,000 ரூபாய் போகும் என்றார்.

அந்தப் பகுதியை இப்படிப் பேசினோம்:

"நிதி இல்லாவிட்டாலும் இந்தப் படத்தை எடுப்போம். ஆனால் அப்பாவும் மகளும் பேசுவது கேட்காது, பின்னணிக் குரல்தான் கதை சொல்லும். 30,000 ரூபாய் கிடைத்தால் அவர்களே பேசுவார்கள். ஒலிப்பதிவாளருக்குக் கருவியோடு மூன்று ராத்திரிக்கு 18,000. இரண்டு ராத்திரி தறி நிற்பதற்கு 4,000. ஒலிக் கலவைக்கு 8,000."

பணம் வராவிட்டால் எந்தப் படம், வந்தால் எந்தப் படம் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் அந்தக் கேள்விக்கு நேரான பதில் வந்துவிடும்.

இது முடிவானதும் மற்றவை தானாகச் சுருங்கின. கருவில் தறித்தொழிலின் வரலாறு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, சட்டத்தின் மேல் வைத்த கையில் தொடங்கினோம். பார்வையாளர் என்றால் "எல்லோரும்" என்று சொல்லாதீர்கள். சோமனூர், பல்லடம், மங்கலம் பக்கத்துத் தறிக் குடும்பங்கள், அதிலும் வீட்டில் அப்பா ஏன் சத்தம் போட்டே பேசுகிறார் என்று யோசித்த பிள்ளைகள் என்றோம். எங்கே திரையிடுவோம் என்பதற்கும் இரண்டு இடம் சொன்னோம்: ஊர்ச் சமுதாயக் கூடம், அப்புறம் அதே குடோன். குழுவுக்கு ஆளுக்கு ஒரு வாக்கியம் போதும். "இவன் அப்பா தறி ஓட்டுகிறவர், அதனால்தான் ராத்திரியில் எங்களை உள்ளே விடுகிறார்கள்" என்பது, அவன் படித்த படிப்பைச் சொல்வதைவிடப் பயன்பட்டது.

நேரத்தை விநாடியில் பிரித்தோம்: கருவுக்கு 60, பார்வையாளருக்கு 35, குழுவுக்கு 25, நிதிக்கு 50. மீதிப் பத்து விநாடி மூச்சு விட. மேடையில் நான் நிமிஷத்துக்குத் தொண்ணூறு சொல்தான் பேசுகிறேன் என்று போனில் பதிவு செய்து எண்ணிப் பார்த்தேன். அதனால் மொத்தப் பேச்சையும் 240 சொல்லுக்குள் அடக்கினேன். தொகைகளைச் சொல்லும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும், நடுவர்கள் அப்போதுதான் குறித்துக்கொள்கிறார்கள்.

பேசி முடித்ததும் ஒரு கேள்வி வந்தது: "முழுத் தொகை கிடைக்கலைன்னா எதை விடுவீங்க?" இதையும் முன்னாலேயே பேசி வைத்திருந்தோம். ஒலிக் கலவையை நாங்களே உட்கார்ந்து செய்துகொள்வோம், தறியை நிறுத்துவதையும் ஒலிப்பதிவாளரையும் விடமாட்டோம் என்றோம். 22,000 கொடுத்தார்கள்.