அடிப்பட்டையை அகலமாக்க ஆள் எங்கே?

கேள்வி: ஜப்பானின் மக்கள்தொகைப் பிரமிடு அடியில் சுருங்கிக்கொண்டே போகிறது என்று ஆளாளுக்குப் புலம்புகிறார்கள். ஜனத்தொகை குறைந்தால் நல்லதுதானே? அப்படியே பயமாக இருந்தாலும், ஆளுக்கு இரண்டு பிள்ளை பெற்றுக்கொண்டால் பத்து வருஷத்தில் சரியாகிவிடாதா?

பதில்: சரியாகாது. பத்து வருஷத்தில் மட்டுமல்ல, முப்பது வருஷத்திலும் ஆகாது. ஏன் என்பதை நீங்கள் சொல்லும் அந்தப் பிரமிடுப் படமே சொல்கிறது. அதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

ஒவ்வொரு வயதுக்கும் ஒரு கிடைமட்டப் பட்டை, அந்த வயதில் எத்தனை பேரோ அதற்கேற்ற அகலத்தில். இடப்பக்கம் ஆண்கள், வலப்பக்கம் பெண்கள். கீழே பச்சைக் குழந்தைகள், உச்சியில் நூறு வயதைத் தொட்டவர்கள். படம் எந்த ஆண்டுடையதோ அதிலிருந்து வயதைக் கழித்தால், அந்தப் பட்டைக்காரர்கள் பிறந்த ஆண்டு கிடைத்துவிடும். ஜப்பானின் 2025ஆம் ஆண்டுப் படத்தில் 59 வயதையொட்டி ஒரே ஒரு பட்டை மட்டும் சட்டென்று உள்ளே போயிருப்பதைக் காணலாம். கழித்துப் பாருங்கள்: 1966. அது அறுபது ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் ‘நெருப்புக் குதிரை’ ஆண்டு. அந்த ஆண்டில் பிறக்கும் பெண்ணால் கணவனின் ஆயுள் குறையும் என்று ஒரு மூடநம்பிக்கை. 1965இல் 18.2 லட்சம் குழந்தைகள், 1966இல் 13.6 லட்சம், 1967இல் 19.4 லட்சம். பெண் பிறந்துவிடுமோ என்ற பயத்தில் தம்பதிகள் ஒரு வருஷம் தள்ளிப்போட்டார்கள், அவ்வளவுதான்.

பள்ளம் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருப்பதைக் கவனியுங்கள். பிறப்பு குறைந்ததால் வரும் பள்ளம் அப்படித்தான் இருக்கும். ஆண்கள் பக்கம் மட்டும் பள்ளம் விழுந்திருந்தால் போரையோ, பிழைப்புக்காக வெளியேறியவர்களையோ சந்தேகிக்க வேண்டும். கத்தார் போன்ற நாடுகளில் உழைக்கும் வயதில் ஆண்கள் பக்கம் மட்டும் பெரிதாகப் புடைத்திருப்பது, வேலைக்காக வந்து இறங்கியவர்களால்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். அடிப்பட்டை குறுகினால் பெண்கள் குறைவாகப் பெறுகிறார்கள் என்று நேராக முடிவுகட்டிவிட்டீர்கள். பலரும் தவறுகிற இடம் இதுதான். அடிப்பட்டையின் அகலம் இரண்டைப் பொறுத்தது: பிள்ளை பெறும் வயதில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் எத்தனை பெறுகிறார்கள். இரண்டாவதைத்தான் மொத்தக் கருவள விகிதம் என்கிறோம், ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இத்தனை குழந்தை என்று. முதலாவது, பிரமிடின் நடுவில் ஏற்கெனவே வரையப்பட்டுவிட்டது. அதை யாரும் மாற்ற முடியாது.

ஜப்பானிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. 2005இல் கருவள விகிதம் 1.26. அரசு பல திட்டங்களைக் கொண்டுவந்தது. 2015இல் விகிதம் 1.45 ஆக உயர்ந்தது. பிறப்புகளும் உயர்ந்திருக்க வேண்டும் அல்லவா? 2005இல் 10.6 லட்சம் குழந்தைகள், 2015இல் 10.1 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. ஒவ்வொரு பெண்ணும் முன்பைவிட அதிகம் பெற்றும் அடிப்பட்டை குறுகியது, ஏனென்றால் தாய்மார்களே குறைந்துவிட்டார்கள். 1971 முதல் 1974 வரை பிறந்த பெரிய தலைமுறை அந்தப் பத்தாண்டுகளில் பிள்ளை பெறும் வயதைத் தாண்டிக்கொண்டிருந்தது.

அந்தத் தலைமுறையை நினைத்தால் எனக்கு வருத்தம் அதிகம். போர் முடிந்தபின் 1947 முதல் 1949 வரை பிறந்த 80 லட்சம் பேர் முதல் புடைப்பு. அவர்களுடைய பிள்ளைகள் இரண்டாவது புடைப்பு. 1973இல் மட்டும் 20.9 லட்சம் பேர் பிறந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் 2000ஐ ஒட்டி மூன்றாவது புடைப்பாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. இரண்டாவது புடைப்புக்காரர்கள் படிப்பை முடித்து வெளியே வந்த நேரம் பொருளாதாரம் சரிந்து கிடந்தது. நிரந்தர வேலை கிடைக்காமல் ஒப்பந்த வேலைகளில் காலம் தள்ளியவர்கள் ஏராளம். கல்யாணம் தள்ளிப்போயிற்று, பலருக்கு நடக்கவே இல்லை. கை கொடுக்க வேண்டிய நேரம் அது. அந்த நேரம் போய்விட்டது.

சரி, இன்று முதல் எல்லோரும் இரண்டு பெறுவதாகவே வைத்துக்கொள்வோம். 2023இல் ஜப்பானில் பிறந்தவர்கள் 7.27 லட்சம். அதில் பெண்கள் சுமார் 3.5 லட்சம். அவர்கள் வளர்ந்து ஆளுக்கு இரண்டு பெற்றாலும் 7 லட்சம்தான் வரும். பட்டை மேலும் குறுகாமல் நிற்கும். 1973இன் அகலத்துக்குத் திரும்பாது. அப்புறம், இன்று பிறக்கும் குழந்தை வேலைக்குப் போய் வரி கட்டக் குறைந்தது இருபது ஆண்டுகள் ஆகும். அதுவரை அதுவும் பராமரிக்கப்பட வேண்டிய உயிர்தான்.

ஜனத்தொகை குறைவது நல்லதுதானே என்கிறீர்கள். மொத்தம் குறைவதில் பெரிய ஆபத்து இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். எந்தப் பக்கத்திலிருந்து குறைகிறது என்பதுதான் பிரச்சினை. 2008இல் ஜப்பானின் மக்கள்தொகை 12.8 கோடி, அதுதான் உச்சம். 2024இல் 12.4 கோடி. நாற்பது லட்சம் குறைந்திருக்கிறது. இதே காலத்தில் 65 வயதைக் கடந்தவர்கள் 2.8 கோடியிலிருந்து 3.6 கோடியாகக் கூடியிருக்கிறார்கள். அப்படியென்றால் 65க்குக் கீழே இருந்தவர்களில் ஏறக்குறைய 1.2 கோடிப் பேர் குறைந்திருக்கிறார்கள். ஒரு பக்கம் பள்ளிகள் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் மூடப்படுகின்றன. இன்னொரு பக்கம் படுக்கையில் இருப்பவரைப் புரட்டிப் போட, குளிப்பாட்டிவிட ஆள் கிடைப்பதில்லை. மூடிய பள்ளியின் கட்டடத்தை முதியோர் இல்லமாக மாற்றிவிடலாம். ஆசிரியரை அவ்வளவு சுலபமாகச் செவிலியாக மாற்ற முடியாது.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். பிரமிடு தலைகளைத்தான் எண்ணும், தெம்பை எண்ணாது. 65ஐத் தொட்டதும் எல்லோரையும் சுமை என்ற கணக்கில் எழுதிவிடுகிறார்கள். ஜப்பானில் 65 முதல் 69 வயதுவரை உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் இன்னும் வேலை பார்க்கிறார்கள். உண்மையான செலவு ஏறுவது 75க்கு மேல்தான். முதல் புடைப்பின் கடைசிக்காரர்களும் 2024இல் 75ஐத் தொட்டுவிட்டார்கள். இது திடீரென்று வந்த சேதி இல்லை. 1949இலேயே எழுதப்பட்டுவிட்ட தேதி. அதைப் பார்த்துத்தான் 2000ஆம் ஆண்டிலேயே, 40 வயதிலிருந்து எல்லோரும் சந்தா கட்டும் பராமரிப்புக் காப்பீட்டை ஜப்பான் தொடங்கிவிட்டது. பிரமிடைச் சரியாகப் படித்துச் செய்த வேலைக்கு இதைத்தான் உதாரணமாகச் சொல்வேன்.

அடுத்த தேதியும் தெரியும். இரண்டாவது புடைப்பு 2036 முதல் 2039க்குள் 65ஐத் தொடுகிறது. அவர்கள் 75ஐத் தாண்டுவது 2046 முதல். வேலை நிரந்தரமில்லாமல் கழித்ததால் பலருக்கு ஓய்வூதியமும் குறைவாகத்தான் வரும், பலருக்குப் பிள்ளைகளும் இல்லை. அந்த 2046இல் சுமார் 31 வயதில் அவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் 2015இல் பிறந்துவிட்டார்கள்: பத்து லட்சம் பேர். 1973இல் பிறந்தவர்களில் பாதி. இந்த எண்ணிக்கையை உள்ளூர்ப் பிரசவங்களால் இனிக் கூட்ட வழியே இல்லை. வெளியிலிருந்து ஆள் வந்தால்தான் உண்டு. வெளிநாட்டவருக்கு எளிதில் கதவு திறக்காத ஜப்பான், 2019இல் கொண்டுவந்த புதிய தொழிலாளர் விசாவில் முதியோர் பராமரிப்பையும் சேர்த்தது இதனால்தான்.