கூம்பு ஊசல்: கயிற்றின் நீளம் ஆரம் ஆகாது

கேள்வி: பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு ஒரு கணக்கு. 60 செ.மீ. கயிற்றில் கட்டிய 200 கிராம் குண்டு, நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் கிடைமட்ட வட்டத்தில் சுற்றுகிறது. கயிறு செங்குத்திலிருந்து எத்தனை டிகிரி சாய்ந்திருக்கும்? கைடில் 56.3 என்று இருக்கிறது. பயிற்சி மையத்தின் விடைத்தாளில் 60 என்று இருக்கிறது. எதை எழுதுவது? எனக்குக் கணிதம் அவ்வளவாக வராது.

பதில்: g-யை 10 என்று எடுத்துக்கொண்டால் 60 டிகிரிதான் சரி. 9.8 என்று போட்டால் 60.4 வரும்; இரண்டையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். விடைத்தாள் சரியான எண்ணைத் தருகிறது, ஆனால் வழியைத் தரவில்லை. கட்டணம் வாங்கிக்கொண்டு வெறும் எண்ணை அச்சடித்துக் கொடுப்பதற்குப் பெயர் பயிற்சி என்றால் எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

குண்டின் மேல் இரண்டே விசைகள்தான் உள்ளன. எடை கீழே இழுக்கிறது. கயிற்றின் இழுவிசை T சாய்வாக மேலே இழுக்கிறது. வெளிப்பக்கமாக 'மையவிலக்கு விசை' என்று மூன்றாவது அம்புக்குறி போட்ட படம் கைடில் இருந்தால் மகள் அதை அடித்துவிடட்டும். நின்றுகொண்டு பார்க்கும் நமக்கு அப்படி ஒரு விசை கிடையாது.

குண்டு ஒரே உயரத்தில் சுற்றுகிறது, ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. எனவே இழுவிசையின் செங்குத்துக் கூறு எடையைச் சரியாகத் தாங்குகிறது. மிச்சமிருக்கும் கிடைமட்டக் கூறுதான் குண்டை மையத்தை நோக்கித் திருப்பிக்கொண்டே இருக்கிறது.

```
T cos θ = mg
T sin θ = mv²/r
```

பகுக்க வேண்டியது இழுவிசையை, எடையை அல்ல. தனி ஊசல் பாடத்தை மனப்பாடம் செய்த பிள்ளைகள் இங்கேயும் எடையைக் கயிற்றின் வழியே பகுத்து T = mg cos θ என்று எழுதிவிடுகிறார்கள். இந்தக் கணக்கில் அப்படி எழுதினால் இழுவிசை 1 நியூட்டன் வரும். குண்டின் எடையே 2 நியூட்டன். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வட்டமும் அடிக்க வைக்கிற கயிற்றில் அதைவிடக் குறைவான இழுவிசை எப்படி இருக்கும்? உண்மையில் அது 4 நியூட்டன்.

இரண்டாவது சமன்பாட்டை முதலாவதால் வகுத்தால் T-யும் m-மும் அடிபட்டுப் போகும். அதனால் 200 கிராம் என்ற தகவல் கோணத்துக்குத் தேவையே இல்லை. கிடைப்பது tan θ = v²/(rg). கைடுகள் கட்டம் கட்டிப் போடும் 'குறுக்குவழிச் சூத்திரம்' இதுதான். சூத்திரத்தில் தவறில்லை. r-க்குப் பதிலாகக் கயிற்றின் நீளம் 0.6 மீட்டரைத் தூக்கிப் போட்டதுதான் தவறு. 9-ஐ 6-ஆல் வகுத்து 1.5, அதற்குரிய கோணம் 56.3 என்று முடித்துவிட்டார்கள். குண்டு சுற்றும் வட்டத்தின் ஆரம் கயிற்றின் நீளமல்ல. கயிறு சுற்றும்போது வரையும் கூம்பின் அடிவட்டத்தின் ஆரம், அதாவது கயிற்றின் நீளத்தை L என்றால் L sin θ. தெரியாத கோணம் அதற்குள்ளேயும் ஒளிந்திருக்கிறது. அதை எடுத்துப் போட்டால்:

```
sin²θ / cos θ = v²/(gL) = 9/(10 × 0.6) = 1.5
1 − cos²θ = 1.5 cos θ
cos²θ + 1.5 cos θ − 1 = 0
```

இந்த இருபடிச் சமன்பாட்டுக்கு 0.5, −2 என்று இரண்டு விடைகள். கொசைன் −2 ஆக முடியாது, தள்ளிவிடலாம். 0.5-க்குரிய கோணம் 60 டிகிரி.

விடையைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். 60 டிகிரிக்கு ஆரம் 0.52 மீட்டர், v²/(rg) ஏறத்தாழ 1.73, tan 60°-யும் 1.73. கைடின் 56.3-ஐ இதே சோதனைக்கு உட்படுத்தினால் ஆரம் 0.5 மீட்டர் ஆகிறது. ஒரு பக்கம் 1.8, மறுபக்கம் 1.5. அச்சுக்கு அனுப்புமுன் இதைக்கூடப் பார்க்காதவர்கள் ஆண்டுதோறும் 'திருத்திய பதிப்பு' போட மட்டும் தவறுவதில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் மகளுக்கு அழுத்திச் சொல்லுங்கள். வேகத்துக்குப் பதிலாகக் கோணத் திசைவேகம் ω கொடுத்தால் கணக்கு எளிது: cos θ = g/(ω²L). இருபடிச் சமன்பாடு தேவையில்லை. ஆனால் இங்கே ஒரு கீழ்வரம்பு உண்டு. வேகம் v எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அதற்கேற்ற சாய்வு ஒன்று இருக்கும். ω-க்கு அப்படி இல்லை. 60 செ.மீ. கயிற்றை மோட்டாரில் கட்டி நிமிடத்துக்கு 30 சுற்று விட்டால் மேற்படி சூத்திரம் கொசைனுக்கு ஏறத்தாழ 1.7 என்று தரும். கால்குலேட்டர் பிழை காட்டும். பிள்ளைகள் அப்போது தசமப் புள்ளியை நகர்த்திப் பார்க்கிறார்கள், அடித்து எழுதுகிறார்கள், நேரத்தைத் தொலைக்கிறார்கள். தவறு அவர்களுடையதல்ல. அந்தச் சுழற்சியில் கயிறு சாயவே சாயாது, நேராகத் தொங்கும். விடை பூஜ்ஜிய டிகிரி. இந்த நீளக் கயிறு சாயத் தொடங்க நிமிடத்துக்கு ஏறத்தாழ 39 சுற்றுகளைத் தாண்ட வேண்டும். மகளின் கணக்கில் குண்டு 55 சுற்றுகள் அடிக்கிறது, அதனால் சிக்கல் இல்லை.

தேர்வில் படத்தையும் இரண்டு கூறுகளையும் r = L sin θ என்ற வரியையும் முதலில் எழுதிவிடச் சொல்லுங்கள். திருத்துபவர் கையில் 56.3 என்று அச்சடித்த தாள் இருந்து மதிப்பெண் குறைந்தால், மறுமதிப்பீடு உள்ள தேர்வில் மறுகூட்டலை விட்டுவிட்டு மறுமதிப்பீட்டுக்கே விண்ணப்பிக்கலாம். மறுகூட்டலில் யாரும் வழிமுறையைப் படிப்பதில்லை, எண்களை மட்டும் கூட்டுவார்கள்.