ஸ்கேன் மெயிலில் போகவில்லை என்பதற்காகப் புது மெஷின் வாங்க வேண்டுமா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒன்பது பேர், ஒரே ஒரு மல்டிபங்ஷன் பிரிண்டர். வாங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. 12 பக்க ஒப்பந்தத்தை ஸ்கேன் செய்தால் 48 எம்பி வருகிறது. மெஷினிலிருந்தே மெயில் அனுப்பினால் போவதில்லை. பென் டிரைவில் எடுத்துக்கொண்டு அலைகிறோம். சர்வீஸுக்கு வந்தவர் புது மாடல் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். பக்கத்துக்கு 4 எம்பி வருகிறது என்றால், யாரோ ஒருநாள் போட்டோ ஸ்கேன் செய்வதற்காக 600 டிபிஐ, முழு வண்ணம் என்று வைத்தது அப்படியே நின்றுவிட்டிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. அது மெஷினின் கோளாறு இல்லை.

ஏ4 தாளை 300 டிபிஐயில் எடுத்தால் 2480க்கு 3508 புள்ளிகள். 600 என்றால் நீளமும் அகலமும் இரட்டிப்பாகி, மொத்தம் நான்கு மடங்கு. அச்சடித்த எழுத்தைப் படிக்க 300 தாராளம். அதை மட்டும் மாற்றினாலே உங்கள் 48 எம்பி ஏறக்குறைய 12க்கு இறங்கும். ஜிமெயில் இணைப்பு வரம்பு 25 எம்பி என்கிறார்களே, அதையும் அப்படியே நம்ப வேண்டாம். மெயிலில் ஏறும்போது கோப்பு மூன்றில் ஒரு பங்கு ஊதிவிடும். அதனால் 18 எம்பி தாண்டினாலே மெஷினிலிருந்து போகாமல் நிற்கலாம்.

வண்ணத்தைப் பற்றிச் சிலர் நேரெதிராகப் போய், கோப்பு சிறிதாக வேண்டுமென்று சுத்தக் கறுப்பு-வெள்ளையில் வைத்துவிடுவார்கள். அதில் ஒவ்வொரு புள்ளியும் ஒன்று கறுப்பு, இல்லையென்றால் வெள்ளை. மங்கலான ரப்பர் ஸ்டாம்ப், பென்சில் குறிப்பு எல்லாம் காணாமல் போய்விடும். ஒப்பந்தம் கையாளும் அலுவலகத்துக்கு நான் சொல்வது ஆட்டோ கலர். வண்ணம் உள்ள பக்கத்தை மெஷினே கண்டுபிடித்து வண்ணத்தில் எடுக்கும், நீல மை கையெழுத்து நீலமாகவே நிற்கும். அந்த வசதி இல்லையென்றால் கிரேஸ்கேல். இதோடு இருபக்கமும் ஸ்கேன், வெற்றுப் பக்கம் தவிர்ப்பு, எல்லாப் பக்கமும் ஒரே பிடிஎஃப். அவ்வளவு போதும். 'மிக அதிகச் சுருக்கம்' என்ற தேர்வை மட்டும் தொடாதீர்கள். 2013இல் ஒரு பிரபல நிறுவனத்தின் மெஷின்களில், சுருக்கும் முறையால் 6 என்ற எண் ஸ்கேனில் 8 ஆக மாறியது அம்பலமானது. பார்வைக்குத் தெளிவாக இருந்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

இதையெல்லாம் மெஷினின் திரையில் மாற்றிப் பார்த்திருப்பீர்கள், ஒரு நிமிடத்தில் பழையபடி ஆகியிருக்கும். திரையில் மாற்றுவது அந்த ஒரு ஸ்கேனுக்குத்தான். நிலையாக மாற்ற, மெஷினின் ஐபி முகவரியைக் கம்ப்யூட்டர் பிரவுசரில் தட்டி, அட்மின் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போக வேண்டும். அந்தப் பாஸ்வேர்டு பெரும்பாலும் சர்வீஸ்காரரிடம்தான் இருக்கும். முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது, எங்கே அனுப்புவது. தினசரி வேலைக்கு மெயிலைவிட ஷேர்டு ஃபோல்டர்தான் நல்லது. அளவுத் தொல்லை இல்லை, இன்பாக்ஸும் நிரம்பாது. எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு விண்டோஸ் கம்ப்யூட்டர் போதும். அதற்கு மாறாத ஐபி கொடுத்துவிட்டு, ஸ்கேனுக்கென்றே தனி யூசர் ஒன்றை உருவாக்குங்கள். உங்கள் சொந்த லாகினைக் கொடுக்காதீர்கள், அதிலும் பின் நம்பர் மெஷினிடம் செல்லாது. பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து:

```
net user scanuser * /add
mkdir D:\Scan
net share Scan=D:\Scan "/grant:scanuser,CHANGE"
icacls D:\Scan /grant "scanuser:(OI)(CI)M"
Set-LocalUser -Name scanuser -PasswordNeverExpires $true
```

முதல் வரி பாஸ்வேர்டு கேட்கும். கடைசி வரியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விண்டோஸின் இயல்பு அமைப்பில் இப்படி உருவாக்கும் யூசரின் பாஸ்வேர்டு 42 நாளில் காலாவதியாகிவிடும். ஒன்றரை மாதம் நன்றாக ஓடிய ஸ்கேன் திடீரென்று நின்றதும் பாவம், மெஷினைத் திட்டுவோம். நானும் ஒருமுறை கேபிள் வரை மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் இதைக் கண்டுபிடித்தேன்.

அப்புறம் மெஷினின் முகவரிப் புத்தகத்தில் `\\192.168.1.20\Scan` என்று (எண் உங்கள் கம்ப்யூட்டருடையது), யூசர், பாஸ்வேர்டோடு சேர்த்து, மேலே சொன்ன அமைப்புகளையும் இணைத்து ஒரே பட்டனாகச் சேமியுங்கள். கோப்பின் பெயரில் தேதியும் நேரமும் வருமாறு வையுங்கள்.

வேலை செய்யவில்லையென்றால், வேறொரு லேப்டாப்பிலிருந்து அதே முகவரியை scanuser பெயரில் திறந்து, ஒரு கோப்பைப் போட்டுப் பாருங்கள். லேப்டாப்பாலும் முடியவில்லையென்றால் தவறு கம்ப்யூட்டர் பக்கம். நெட்வொர்க் 'பப்ளிக்' என்று இருந்தால் ஃபயர்வால் தடுக்கும், அதை 'பிரைவேட்' ஆக்குங்கள். லேப்டாப்பில் சரியாகப் போய், மெஷினிலிருந்து மட்டும் போகவில்லையென்றால், பெயர், பாஸ்வேர்டில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அது கோப்புப் பகிர்வுக்கு SMB1 என்ற பழைய முறையை மட்டுமே பேசும் மெஷினா என்று விசாரியுங்கள். 2017க்குப் பிந்தைய விண்டோஸ் பதிப்புகளில் பாதுகாப்புக்காக அது இயல்பாகவே அணைந்திருக்கிறது. 'ஒரு டிக் போட்டால் ஓடும்' என்று அதைத் திறந்துவிடச் சொல்பவர்கள் உண்டு. வேண்டாம், அந்த வழியாகத்தான் அதே ஆண்டு, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவியது. மெஷினுக்கு ஃபர்ம்வேர் அப்டேட் வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பல மாடல்களுக்கு அதிலேயே SMB2 கிடைத்துவிடுகிறது.

மெயிலும் வேண்டும் என்றால், ஜிமெயிலுக்கு `smtp.gmail.com`, போர்ட் 587, STARTTLS. வழக்கமான பாஸ்வேர்டு ஏற்காது. இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டு, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். அனுப்புநர் முகவரியும் அதே கணக்காக இருக்கட்டும். பின்னாளில் யாராவது அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் ஆப் பாஸ்வேர்டும் செத்துவிடும், புதிதாக எடுக்க வேண்டியிருக்கும்.

இவ்வளவும் செய்து, அப்டேட்டும் இல்லாமல், SMB1ஐத் தாண்டவே முடியவில்லையென்றால் சரி, புதிது வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. அப்போது 'ஸ்கேன் டு பிசி' என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். மலிவு மாடல்கள் பலவற்றில், கம்ப்யூட்டரில் அவர்களுடைய மென்பொருள் ஓடினால்தான் அது வேலை செய்யும். 'நெட்வொர்க் ஃபோல்டர்', SMB2 அல்லது SMB3, மெயிலுக்கு TLS 1.2 என்று விவரப் பட்டியலில் இருக்க வேண்டும். தேடக்கூடிய பிடிஎஃப் வேண்டுமானால், அது விலையில் சேர்த்தியா, தனி லைசென்ஸா என்று பில் போடும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.