டிசானிடினும் டிரமடாலும்: எது தூக்கம் தருகிறது, எது பழகிப்போகிறது?

கேள்வி: குனிந்து அரிசி மூட்டையைத் தூக்கியபோது இடுப்புப் பிடித்துக்கொண்டது. டிசானிடின் கலந்த மாத்திரை ஒன்றும், டிரமடால் மாத்திரை ஒன்றும் ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வலி குறைகிறது, ஆனால் எந்நேரமும் தூக்கமாக இருக்கிறது. பழகிவிடுமோ என்று பயம். நிறுத்திவிடலாமா?

பதில்:

நான் மருந்தாளுநராகப் பணிபுரிபவன். இந்தச் சேர்க்கை எழுதிய சீட்டுகள் எங்கள் கடைக்கு அநேகமாக நாள்தோறும் வருகின்றன. இரண்டு மாத்திரைகளையும் தனித்தனியாகப் பார்த்தால்தான் உங்கள் பயத்துக்கு விடை கிடைக்கும். தூக்கம் இரண்டாலும் வருகிறது. பழகிப்போவதைப் பற்றிய கவலையோ, ஏறக்குறைய முழுவதும் டிரமடாலைச் சேர்ந்தது.

டிசானிடினைத் தசைத் தளர்வு மாத்திரை என்று சொன்னாலும், அது தசையில் போய் வேலை செய்வதில்லை. தசையை இறுக்கச் சொல்லித் தண்டுவடத்திலிருந்து போகும் நரம்புச் செய்திகளை அது மட்டுப்படுத்துகிறது. அதே மருந்து மூளையில் விழிப்பைக் காக்கும் நரம்புகளையும் தணிப்பதால், தூக்கம் அதன் செயலிலேயே கலந்து வருகிறது. விழுங்கி ஒன்று முதல் இரண்டு மணி நேரத்தில் அதன் வேகம் உச்சத்தை அடைந்து, ஆறு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆகவே காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று எழுதியிருந்தால், இரவு வேளையை மட்டும் வைத்துக்கொண்டு காலை வேளைக்கு டிசானிடின் கலக்காத வலி மாத்திரையைத் தர முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பிடிப்பு பாடாய்ப்படுத்துவது புரண்டு படுக்க முடியாத இரவில்தான் என்பதால், பலருக்கு இந்த ஒரு மாற்றமே போதுமானதாக இருக்கிறது.

இது இரத்த அழுத்தத்தையும் குறைக்கும். இரவில் சிறுநீர் கழிக்க எழுந்தால் கட்டில் விளிம்பில் சற்று உட்கார்ந்துவிட்டு எழுந்திருங்கள். இதைவிட முக்கியமான ஒன்று, டிசானிடின் எடுக்கும் நாட்களில் சிப்ரோஃப்ளாக்சசின் எடுக்கவே கூடாது. வயிற்றுப்போக்குக்கோ நீர்க்கடுப்புக்கோ சீட்டில்லாமல் அதை வாங்கி விழுங்குவது நம் ஊரில் சாதாரணம். ஆனால் அது டிசானிடினைக் கல்லீரல் கரைக்கும் வழியை அடைத்துவிடுவதால், இரத்தத்தில் மருந்தின் அளவு சுமார் பத்து மடங்கு உயர்ந்து, அழுத்தம் சரிந்து ஆள் விழுந்துவிடக்கூடும். சில நாட்கள் சிறிய அளவில் எடுத்த டிசானிடினை நிறுத்துவதில் சிக்கல் இல்லை. நெடுநாள் அதிக அளவில் எடுத்தவர்கள் திடீரென்று நிறுத்தினால்தான் இரத்த அழுத்தம் எகிறும்.

டிரமடால் அபின் வகையோடு உறவுள்ள மருந்து. வலியை உணரும் வழியை மூளையில் தணிப்பதோடு, மனச்சோர்வு மருந்துகள் சில செய்வதைப் போல செரட்டோனினையும் நார்அட்ரினலினையும் கூட்டுகிறது. உங்கள் தூக்கம் எந்நேரமும் நீடிப்பதற்கு, டிசானிடின் அடங்குவதற்குள் டிரமடால் அதன்மேல் ஏறிக்கொள்வதே காரணமாக இருக்கலாம். இரண்டும் உடலில் இருக்கும் நாட்களில் வண்டி ஓட்டாதீர்கள். மதுவும் தூக்க மாத்திரையும் தொடவே வேண்டாம், ஏனெனில் இவை ஒன்றுசேர்ந்தால் மூச்சு மந்தமாகிவிடும். வலிப்பு நோய் இருப்பவர்களும், மனச்சோர்வுக்கு மாத்திரை எடுப்பவர்களும் டிரமடாலைத் தொடங்குமுன்பே மருத்துவரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவு தொல்லைக்கு ஈடான பயன் உண்டா என்றால், முதல் சில நாட்களுக்கு ஓரளவு உண்டு, அதற்குமேல் ஐயம்தான். 2015இல் அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில், திடீர் இடுப்புவலியோடு அவசரப் பிரிவுக்கு வந்தவர்களுக்கு நாப்ராக்சென் என்ற சாதாரண வலி மாத்திரையோடு ஒரு சாராருக்குத் தசைத் தளர்வு மருந்தும், இன்னொரு சாராருக்கு அபின் வகை மருந்தும், மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது மூன்று சாராரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். 2023இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்விலும் அபின் வகை மருந்து ஆறு வாரத்தில் வெற்று மாத்திரையை விஞ்சவில்லை. இரண்டிலும் பயன்படுத்தியவை டிரமடாலும் டிசானிடினும் அல்ல, இணையான வேறு மருந்துகள். ஆயினும் வலியால் இருமவும் முடியாமல் கிடப்பவரை இரண்டு மூன்று இரவுகள் தூங்க வைப்பதும், எழுந்து நடக்க வைப்பதும் சிறிய உதவியல்ல என்பது என் கருத்து. ஐந்து நாளைக்கென்று எழுதியதை இருபது நாளைக்கு நீட்டிக்கொள்வதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

அப்படி நீட்டிய ஒருவரைப் பற்றி, அடையாளத்தை மாற்றிச் சொல்கிறேன். சரக்கு வேன் ஓட்டுபவர். 50 மில்லிகிராம் டிரமடால் நாளுக்கு இரண்டு வீதம் தொடங்கினார். ஒரு வாரத்தில் பிடிப்பு விட்டுவிட்டது. ஆனால் மாத்திரை போட்டால் அலுப்பு தெரிவதில்லை, மனம் இலேசாக இருக்கிறது என்று பழைய சீட்டைக் காட்டி வேறு வேறு கடைகளில் வாங்கத் தொடங்கி, ஒன்றரை மாதத்தில் நாளுக்கு நான்கு என்ற அளவுக்கு வந்துவிட்டார். ஒருநாள் மாத்திரை கிடைக்காமல் போகவே, மூக்கு ஒழுகல், மயிர்க்கூச்சு, வியர்வை, கால்களை ஓரிடத்தில் வைக்க முடியாத தவிப்பு, தூக்கமின்மை எல்லாம் சேர்ந்து வந்தன. காய்ச்சலும் பழைய முதுகுவலியும் திரும்பிவிட்டதாக நினைத்து எங்கள் கடைக்கு வந்தார்.

இதைப் பிரித்தறிய முடியும். முதுகுவலி என்றால் குனிந்தால் கூடும், படுத்தால் மாறும். மருந்து நின்றதால் வரும் உபாதை, கடைசி மாத்திரைக்குப் பின் அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் தொடங்கும். எப்படி உட்கார்ந்தாலும் படுத்தாலும் மாறாது. கொட்டாவியும் மூக்கு ஒழுகலும் உடன் வரும். ஒரு மாத்திரை போட்டதும் அடங்கிவிடும். அவருடைய மருத்துவர் திடீரென நிறுத்தச் சொல்லாமல், வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்து ஒரு மாதத்தில் முடித்து வைத்தார். பல வாரங்கள் தினமும் எடுத்தால் யாருடைய உடலும் இப்படிப் பழகும், அதில் குணக்கேடு ஏதுமில்லை. வலி போன பிறகும் வேறு காரணத்துக்காக மாத்திரையைத் தேடுவதும், கடை மாற்றி வாங்குவதும்தான் அடுத்த கட்டத்தின் அடையாளங்கள். டிரமடாலை இந்திய அரசு 2018இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவந்ததற்கு இத்தகைய தவறான பயன்பாடே காரணம். சீட்டை வைத்துப் பதிவேட்டில் எழுதாமல் இதைக் கொடுக்கும் கடைக்காரரை நல்லவர் என்று நினைக்க வேண்டாம்.

உங்களுடையது ஐந்து நாள் சீட்டு. எழுதிய அளவை மீறாதவரை ஐந்து நாளில் உடல் பழகிவிடும் வாய்ப்பு மிகக் குறைவு. வலி தாங்கும்படி குறைந்துவிட்டால் மருத்துவரிடம் கேட்டு டிரமடாலை முதலில் விட்டுவிடலாம்; மிச்சத்தை அடுத்த முறைக்கென்று எடுத்து வைக்காதீர்கள். படுத்தே கிடக்காமல் வீட்டுக்குள்ளாவது நடந்துகொண்டிருங்கள். மாத்திரை போட்டும் காலில் வலு குறைந்தாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர் பிரியாமல் நின்றாலோ, ஐந்து நாள் முடியட்டும் என்று காத்திராமல் அன்றைக்கே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.