மயிரிழையை நம்பாதீர்கள்

அன்புள்ள ஐயா,
ஒரு சுவரொட்டியைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறேன். மஞ்சள் பின்னணி, கருப்பு எழுத்து, பின்னால் விளக்கு. தடித்த கோடு மிகத் தடிப்பு, மெல்லிய கோடு மயிரிழை. அதனால் இது போடோனி எழுத்துருதான் என்று முடிவு செய்தேன். சரிதானா? இலவசமாகக் கிடைக்குமா?
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இலவசக் கதை அப்புறம். "அதனால்" என்று எழுதினீர்களே, அந்த ஒரு சொல்தான் எனக்கு உறுத்துகிறது. மயிரிழையை மட்டும் பார்த்து எப்படி முடிவு செய்வீர்கள்?

நானும் இதே தப்பைச் செய்திருக்கிறேன். அச்சகத்தில் இருந்த காலம். பின்னால் விளக்கு எரியும் ஒரு பெயர்ப்பலகையில் இரண்டு எழுத்து விழுந்துவிட்டது, அதை மட்டும் வெட்டிக் கொடுங்கள் என்று ஒருவர் படத்தோடு வந்தார். மெல்லிய கோட்டைப் பார்த்ததும் போடோனி என்றேன். வெட்டினோம். பலகையில் வைத்தபோதுதான் தெரிந்தது: நாங்கள் வெட்டிய ஆங்கிலச் சின்ன 'ஜி'யின் கீழ் வளையம் மூடியிருக்கிறது, பக்கத்திலிருந்த பழைய 'ஜி'யில் அது திறந்து கிடக்கிறது. அது பாஸ்கர்வில் என்ற வேறோர் எழுத்துரு. அந்த மனிதர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் இன்னும் நினைவிருக்கிறது.

ஏன் ஏமாந்தேன்? பின்னணி பளிச்சென்று இருந்தால் வெளிச்சம் கருப்புக்குள் கசியும். படத்தில் தடித்த கோடு 20 புள்ளி, மெல்லியது 6 புள்ளி என்று வையுங்கள். மூன்று மடங்குக்குச் சற்று மேல். வெளிச்சம் இருபுறமும் இரண்டிரண்டு புள்ளியைத் தின்றால் மிஞ்சுவது 16, 2. எட்டு மடங்கு! எழுத்து மாறவில்லை, படம் மாற்றிவிட்டது. எழுத்தே விளக்காக எரிந்தால் நேர் எதிர்: 24, 10 ஆகி, வேறுபாடு அடங்கிவிடும். தடிப்பையும் மெலிவையும் கடைசிச் சாட்சியாகத்தான் கூப்பிட வேண்டும், முதல் சாட்சியாக அல்ல.

வெளிச்சத்தால் அவ்வளவு எளிதில் குலைக்க முடியாதது எழுத்தின் எலும்பு. உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசி வரியில் ஒரு சின்ன 'ஜி', கீழ் வளையம் திறந்திருக்கிறது. கோட்டின் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கோடான செரிஃப், பெரிய கோட்டோடு சேரும் இடத்தில் லேசாக வளைந்து இறங்குகிறது. போடோனியில் அது சட்டென்று நேர்க்கோணத்தில் வெட்டி நிற்கும். ஆனால் படம் மங்கினால் நேர்க்கோணமும் வளைவாகத் தெரியும் என்பதால், வளைவை மட்டும் நான் நம்ப மாட்டேன். 'ஜி'யோடு சேர்த்துத்தான் நம்புகிறேன். பாஸ்கர்வில் குடும்பம் என்பேன். எந்த நிறுவனத்தின் பாஸ்கர்வில் என்பதை இந்தப் படத்திலிருந்து சொல்வதற்கில்லை; பல நிறுவனங்கள் அதைத் திரும்ப வரைந்திருக்கின்றன.

ஒன்று கேட்க மறந்தேன். அந்த வரியில் இரண்டு 'ஆர்' வருகிறதே, ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தீர்களா? துளி பிசகினாலும் அது கையால் எழுதியதாக இருக்கலாம். அப்படியென்றால் எழுத்துருவைத் தேடி அலைவதே வீண். விளக்கை அணைத்திருக்கும் பகலில், நேர் எதிரே நின்று, அந்த இரண்டு 'ஆர்'களை மட்டும் நெருக்கமாக எடுத்து அனுப்புங்கள். கீழிருந்து அண்ணாந்து எடுக்காதீர்கள், அம்மா.