எம்.ஜி.எஃப்.களைப் பெருக்கிய பிறகு பரவலை அடையாளம் காண்பது எப்படிச் செல்லுபடியாகிறது?

கேள்வி: X, Y என்ற இரண்டு சமவாய்ப்பு மாறிகளின் எம்.ஜி.எஃப்.களையும், அதாவது விலக்கப் பெருக்குத்தொகை பிறப்பிக்கும் சார்புகளையும், பெருக்குகிறார்கள். வந்த சார்பைப் பார்த்ததும் "X + Y காமா பரவல்" என்று முடித்துவிடுகிறார்கள். ஒரு சார்பின் தோற்றத்தை மட்டும் வைத்துப் பரவலைத் தீர்மானிப்பது எப்படிச் சரியாகும்? தெரிந்த பரவல்களின் பட்டியலில் இல்லாத சார்பு வந்தால் என்ன செய்வது?

பதில்:

நியாயமான சந்தேகம். அந்த ஒரு வரி விடைக்குள் இரண்டு தனித்தனித் தேற்றங்கள் வேலை செய்கின்றன. பாடநூல்களில் முதலாவதற்கு நிரூபணம் இருக்கும். இரண்டாவது பெரும்பாலும் சொல்லாமலே விடப்படும். உங்கள் கேள்வி அந்த இரண்டாவதைப் பற்றியது.

முதலாவது எளிது. எம்.ஜி.எஃப். என்பது M(t) = E[e^(tX)]. கூட்டலுக்கு e^(t(X+Y)) = e^(tX) · e^(tY). X, Y ஒன்றையொன்று சாராதவை என்றால், பெருக்கலின் எதிர்பார்ப்பு மதிப்பு எதிர்பார்ப்பு மதிப்புகளின் பெருக்கலாகப் பிரியும். சாராமை இந்த ஓரிடத்தில்தான் தேவைப்படுகிறது, ஆனால் கட்டாயம் தேவைப்படுகிறது. சராசரி 1 கொண்ட அடுக்குக்குறிப் பரவலை எடுத்துக்கொள்ளுங்கள், அதன் எம்.ஜி.எஃப். 1/(1−t). சாராத இரண்டைக் கூட்டினால் 1/(1−t)² வரும், அது காமா. Y என்பது X-ஏ என்றால் கூட்டல் 2X, அதன் எம்.ஜி.எஃப். 1/(1−2t), அது சராசரி 2 கொண்ட அடுக்குக்குறிப் பரவல். இரண்டுக்கும் சராசரி 2தான். மாறுபாட்டளவை மட்டும் ஒன்றில் 2, மற்றதில் 4.

இரண்டாவதுதான் ஒருமைத் தேற்றம். 0-ஐ உள்ளடக்கிய ஏதேனும் ஒரு திறந்த இடைவெளியில் இரண்டு மாறிகளின் எம்.ஜி.எஃப்.களும் முடிவுறு மதிப்புகளோடு இருந்து, அங்கே ஒன்றாகவும் இருந்தால், அவற்றின் பரவல்களும் ஒன்றே. இடைவெளி எவ்வளவு குறுகியதாக இருந்தாலும் போதும். காரணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். −h முதல் h வரை M(t) முடிவுறுமானால், t-க்குப் பதில் சிக்கலெண் z-ஐ வைத்தாலும், z-இன் மெய்ப்பகுதி அந்த எல்லைக்குள் இருக்கும் வரை E[e^(zX)] இருக்கும், வகையிடத்தக்கதாகவும் இருக்கும். அப்படிப்பட்ட சார்பு, மெய் அச்சின் ஒரு சிறு துண்டில் எடுக்கும் மதிப்புகளாலேயே அந்தப் பட்டை முழுவதும் தீர்மானமாகிவிடும். பட்டைக்குள் கற்பனை அச்சு இருக்கிறது. அதன்மீது இந்தச் சார்பு எடுக்கும் மதிப்புகள்தான் சிறப்பியல்புச் சார்பு. அதிலிருந்து பரவலை மீட்டெடுக்க லெவியின் வாய்பாடு இருக்கிறது. ஆக, 1/(1−t)² என்ற எம்.ஜி.எஃப். கொண்ட பரவல் ஒன்று நமக்கு ஏற்கெனவே தெரியும், அதே எம்.ஜி.எஃப். கொண்ட இன்னொரு பரவல் இருக்க வழியில்லை. ஆகவே விடை அதுவேதான்.

இதை இப்படிப் புரிந்துகொண்டால் உங்கள் இரண்டாம் கேள்விக்கும் வழி திறக்கிறது. பெயர் உள்ள பரவலாக இருக்க வேண்டும் என்று தேற்றம் எங்கும் கேட்கவில்லை. அந்த எம்.ஜி.எஃப்.ஐத் தரும் ஏதாவது ஒரு அடர்த்திச் சார்பைக் காட்டினால் போதும். அதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்பது பொருட்டே இல்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு வேலை இரண்டு கட்டங்களில் முடிகிறது. முதல் கட்டத்தின் நேரம் X, வீதம் 1 கொண்ட அடுக்குக்குறிப் பரவல். இரண்டாவதன் நேரம் Y, வீதம் 2 கொண்ட, அதாவது சராசரி 1/2 கொண்ட, அடுக்குக்குறிப் பரவல். இரண்டும் சாராதவை. மொத்த நேரம் S = X + Y. பெருக்கினால்:

M(t) = 1/(1−t) · 2/(2−t), t < 1

வீதங்கள் வேறு என்பதால் இது காமாவின் வடிவில் இல்லை. பகுதிப் பின்னங்களாகப் பிரியுங்கள்:

M(t) = 2 · 1/(1−t) − 1 · 2/(2−t)

t = 0 வைத்தால் 2 − 1 = 1; எந்த எம்.ஜி.எஃப்.க்கும் இது பொருந்தியாக வேண்டும். இப்போது வலப்பக்கத்தைக் கவனியுங்கள். முதல் உறுப்பு வீதம் 1 கொண்ட பரவலின் எம்.ஜி.எஃப்.ஐப் போல் இரண்டு மடங்கு. கழிக்கப்படுவது வீதம் 2 கொண்டதன் எம்.ஜி.எஃப். அடர்த்திச் சார்புகளையும் அதே எண்களால் சேர்த்தால்:

f(s) = 2e^(−s) − 2e^(−2s), s > 0

கழித்தல் குறி இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். s > 0 எனில் e^(−s) எப்போதும் e^(−2s)-ஐவிடப் பெரியது. எனவே f குறை மதிப்பு எடுக்காது. அதன் கீழுள்ள பரப்பு 2 − 1 = 1. ஆக, f முறையான அடர்த்திச் சார்பு, அதன் எம்.ஜி.எஃப். நாம் பெருக்கிப் பெற்றதேதான். ஒருமைத் தேற்றப்படி S-இன் பரவல் இதுவே. தலைகீழ் உருமாற்றம் எதையும் கணக்கிடவில்லை என்பதைக் கவனியுங்கள். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

இந்த இடத்தில் பலர் குறுக்கு வழி தேடுவார்கள்: "மொத்தச் சராசரி 1.5, இரண்டு கட்டங்கள், ஆகவே வீதம் 4/3 கொண்ட, இரண்டாம் வரிசைக் காமா" என்று. சராசரி பொருந்துவதால் தவறு உடனே தெரியாது. S > 3 ஆவதற்கான நிகழ்தகவு சரியான பரவலில் 2e^(−3) − e^(−6), ஏறத்தாழ 0.097, அந்தக் காமாவில் 0.092. பெரிய வித்தியாசம் இல்லை. S > 6 என்று கேளுங்கள்: சரியானது 0.0050, காமா தருவது 0.0030. வால் பகுதியில் மதிப்பீடு பெருமளவு தவறிவிடுகிறது.

கணக்குப் போடாமலே இந்தத் தவறைக் கண்டுபிடிக்கலாம். எம்.ஜி.எஃப். எந்த t வரை முடிவுறுகிறது என்று பாருங்கள். நம்முடையது t = 1-இல் வெடிக்கிறது; அந்தக் காமாவினுடையது 4/3 வரை தாங்குகிறது. அந்த எல்லைதான் வால் எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதைச் சொல்கிறது. கூட்டலின் வாலை எப்போதும் மெதுவான கட்டமே தீர்மானிக்கும்; சராசரி வீதம் அல்ல. t < 1 என்ற நிபந்தனையைப் பலர் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். விடைக்குள் பாதித் தகவல் அங்கேதான் இருக்கிறது.

ஈருறுப்புப் பரவல்களிலும் இதே எச்சரிக்கை. p ஒன்றாக இருந்தால் (1−p+pe^t)-இன் அடுக்குகள் கூடிக்கொள்ளும், விடை ஈருறுப்பு. p வேறானால் கூடாது. விடை ஈருறுப்பும் அல்ல.

இந்த முறை எங்கே நின்றுபோகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். லாக்நார்மல் பரவலுக்கு எல்லா வரிசை விலக்கப் பெருக்குத்தொகைகளும், அதாவது E[X], E[X²], E[X³] என்று தொடரும் எல்லாமும், முடிவுறுபவை. ஆனால் t > 0 எதுவானாலும் E[e^(tX)] முடிவிலி. 0-ஐச் சுற்றி இடைவெளி கிடைக்காததால் தேற்றம் பொருந்தாது. இது வெறும் சம்பிரதாயச் சிக்கல் அல்ல: லாக்நார்மலின் அதே விலக்கப் பெருக்குத்தொகைகளைக் கொண்ட வேறு பரவல்கள் உண்டு என்று ஹைட் 1963-இல் காட்டினார். ஆகவே, விலக்கப் பெருக்குத்தொகைகள் எல்லாம் பொருந்தினால் பரவலும் ஒன்றுதான் என்று பொதுவாகச் சொல்ல முடியாது.

அத்தகைய இடங்களில் சிறப்பியல்புச் சார்பை நேரடியாகப் பயன்படுத்துங்கள். அது எந்தப் பரவலுக்கும் உண்டு, சாராத கூட்டலுக்கு அதுவும் பெருக்கலாகிறது, ஒருமைத் தேற்றமும் நிபந்தனையின்றிப் பொருந்தும். காஷி பரவலுக்குச் சராசரிகூட இல்லை. ஆனால் அதன் சிறப்பியல்புச் சார்பு e^(−|t|). சாராத இரண்டைக் கூட்டினால் e^(−2|t|). இரண்டால் வகுத்துச் சராசரி எடுத்தால் மீண்டும் e^(−|t|). அதாவது, இரண்டு காஷி மதிப்புகளின் சராசரி ஒற்றை மதிப்பைப் போலவே சிதறுகிறது. எத்தனை மதிப்புகளைச் சேர்த்தாலும் அப்படித்தான்.